பெயிண்ட் அடித்த கனசதுரக் கணக்கு: ஓரமா, நடுவா?

கேள்வி: "பெரிய கனசதுரத்துக்கு எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடிச்சு 125 துண்டா வெட்டினா, ஒரு பக்கம், ரெண்டு பக்கம், மூணு பக்கம் பெயிண்ட் உள்ளது எத்தனைன்னு ஃபார்முலா போட்டு சொல்லிடுவேன். ஆனா அடிப்பக்கத்துல பெயிண்ட் இல்லன்னு மாத்தினாலோ, கனசெவ்வகம்னு கொடுத்தாலோ மாட்டிக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இதுக்கு ஒரே வழி இருக்கா?"

இருக்கிறது. சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அந்த 125 துண்டுகளில் ஏதாவது ஒன்றை மட்டும் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் அது எங்கே இருந்தது என்று சொல்ல மூன்று எண்கள் போதும்: இடமிருந்து எத்தனையாவது, முன்னாலிருந்து எத்தனையாவது, கீழிருந்து எத்தனையாவது. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை ஏதோ ஒன்று.

உதாரணத்துக்கு (1, 3, 5) என்ற துண்டு. இடமிருந்து முதலாவது, அதனால் அதன் இடது முகம் பெரிய கனசதுரத்தின் இடது முகத்தில் இருந்தது, அங்கே பெயிண்ட் உண்டு. முன்னாலிருந்து மூன்றாவது என்றால் முன்னும் பின்னும் இரண்டிரண்டு துண்டுகள் மறைத்துக்கொண்டிருக்கின்றன, அந்தத் திசையில் பெயிண்ட் படவே வழியில்லை. கீழிருந்து ஐந்தாவது, அதாவது உச்சித் தட்டு, மேல் முகத்தில் பெயிண்ட். ஆக மொத்தம் இரண்டு முகங்கள். இதே மாதிரி (2, 4, 3) என்ற துண்டைப் பார்த்தால் எந்தத் திசையிலும் அது வெளியே தெரியாது, பெயிண்ட் இல்லை. (5, 5, 1) என்றால் மூன்று திசையிலும் கடைசியில் நிற்கிறது, மூன்று முகங்களிலும் பெயிண்ட்.

இங்கே கவனிக்க வேண்டியது, எண் 1 ஆக இருந்தாலும் சரி, 5 ஆக இருந்தாலும் சரி, அதை "ஓரம்" என்று சொல்லிவிடலாம். 2, 3, 4 மூன்றும் "நடு". ஒரு துண்டின் மூன்று எண்களில் எத்தனை ஓரமோ, அத்தனை முகங்களில் பெயிண்ட். இந்தக் கணக்கில் இருக்கிற விஷயமே இவ்வளவுதான். இனி எண்ணுவது மட்டும்தான் பாக்கி.

ஒரு திசையில் ஓரத்துக்கு 2 இடம், நடுவுக்கு 3 இடம். மூன்று திசையிலும் ஓரம் வேண்டுமென்றால் 2×2×2 = 8 துண்டுகள். இரண்டு திசையில் ஓரம், ஒன்றில் நடு என்றால் 2×2×3 = 12, ஆனால் அந்த நடு எந்தத் திசையில் வரும் என்பதற்கு மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன, அதனால் 36. ஒன்றில் மட்டும் ஓரம் என்றால் 2×3×3 = 18, அதற்கும் அதே மூன்று வாய்ப்பு, 54. எதிலுமே ஓரம் இல்லையென்றால் 3×3×3 = 27. கூட்டிப் பாருங்கள்: 8 + 36 + 54 + 27 = 125.

நீங்கள் மனப்பாடம் செய்த 8, 12(n−2), 6(n−2)², (n−2)³ என்பவை இதேதான், நடுவுக்கு 3 என்பதற்குப் பதில் n−2 என்று போட்டிருக்கிறார்கள். கனசதுரத்துக்கு 8 முனைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள் என்பதால் அந்த எண்கள் வருகின்றன என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள், அதுவும் சரியே. முனையில் இருக்கும் துண்டுக்கு மூன்று முகம் வெளியே தெரியும், விளிம்பில் இருப்பதற்கு இரண்டு, முகத்தின் உட்பகுதியில் இருப்பதற்கு ஒன்று. ஒரு ரூபிக் க்யூப் கையில் கிடைத்தால் திருப்பித் திருப்பிப் பாருங்கள், மூன்று நிறம் காட்டும் துண்டுகள் 8, இரண்டு நிறம் காட்டுபவை 12, ஒரே நிறம் காட்டுபவை 6, ஆக 26. கணக்குப்படி 27ஆவதாக ஒன்று நட்டநடுவில் இருக்க வேண்டும், ஆனால் 1974-இல் ஹங்கேரியில் எர்னோ ரூபிக் செய்த அந்தப் பொருளில் அந்த இடத்தில் துண்டு கிடையாது, எல்லாவற்றையும் பிடித்துச் சுழலவிடும் அச்சுதான் இருக்கிறது. பெயிண்ட் படாத துண்டு என்றால் என்ன என்பதை அதை ஒருமுறை கழற்றிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனாலும் முனை, விளிம்பு என்று படத்தை வைத்து எண்ணுவதைவிட ஓரம், நடு என்று பெருக்குவதை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கேள்வி கொஞ்சம் மாறினாலும் படத்தில் எண்ணுபவர் தடுமாறுவார், பெருக்குபவர் தடுமாற மாட்டார். இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் படித்த (a+b)³ = a³ + 3a²b + 3ab² + b³ என்ற முற்றொருமையில் a-க்கு n−2, b-க்கு 2 என்று போட்டுப் பாருங்கள். (n−2)³, 6(n−2)², 12(n−2), 8 என்று நான்கும் வரிசையாக வந்து நிற்கும், கூடுதலோ n³. அந்த முற்றொருமையை உயிரோடு பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சரி, தவறு எங்கே வருகிறது? பெரும்பாலும் விளிம்பில்தான். ஒரு விளிம்பில் 5 துண்டுகள் இருக்கின்றன, 12 விளிம்பு, ஆக 60 என்று போட்டுவிடுவார்கள். அந்த ஐந்தில் இரண்டு முனைத் துண்டுகள், அவற்றுக்கு மூன்று முகங்களில் பெயிண்ட், அவை இந்தக் கணக்கில் சேரக்கூடாது. அதோடு ஒவ்வொரு முனையிலும் மூன்று விளிம்புகள் சந்திப்பதால் ஒரே முனைத் துண்டை மூன்று முறை எண்ணியும் ஆயிற்று. 60-இலிருந்து அந்த 24-ஐக் கழித்தால் 36 வந்துவிடுகிறது பாருங்கள்.

இப்படிப்பட்ட தவறைப் பிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, எல்லா வகையும் கூட்டினால் மொத்தத் துண்டுகள் வர வேண்டும். இன்னொன்று அவ்வளவாக யாரும் செய்வதில்லை, ஆனால் அதுதான் எனக்குப் பிடித்தது: பெயிண்ட் பட்ட சிறு முகங்களை எண்ணுவது. பெரிய கனசதுரத்தின் ஒரு முகத்தில் 25 சிறு முகங்கள், ஆறு முகங்களுக்கு 150. துண்டுகள் வழியாக வந்தால் 8×3 + 36×2 + 54×1 = 24 + 72 + 54 = 150. ஒத்துப்போகிறது. பெயிண்ட் எங்கும் போய்விடாது, வெட்டுவதற்கு முன் இருந்தது வெட்டிய பின்னும் இருக்க வேண்டும். பெயிண்டே இல்லாத துண்டுகளை இந்தச் சோதனை தொடுவதில்லை, அதனால் அந்த எண்ணை முதல் சோதனைதான் காப்பாற்றும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

பயிற்சிக்கு 64 துண்டுக் கணக்கை எடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். பல புத்தகங்களில் முதல் உதாரணமே அதுதான், ஆனால் அங்கே விடை 8, 24, 24, 8 என்று வரும். ஓரத்துக்கும் 2 இடம், நடுவுக்கும் 2 இடம் என்பதால் எல்லாப் பெருக்கலும் 8தான், வாய்ப்புகள் மட்டும் 1, 3, 3, 1. இரண்டு பக்கத்துக்கான சூத்திரத்தையும் ஒரு பக்கத்துக்கான சூத்திரத்தையும் இடம் மாற்றிப் போட்டாலும் விடை சரியாகவே வரும், தப்பாகப் புரிந்துகொண்டது வெளியே தெரியாது. 27-ம் அப்படித்தான் ஒரு வகையில், நடுவுக்கு ஒரே இடம் என்பதால் வர்க்கமா கனமா என்ற குழப்பம் மறைந்துவிடும். 125-இல் நான்கு எண்களும் வெவ்வேறு, அங்கே தவறு ஒளிய முடியாது.

கேள்வியைப் படிக்கும்போது n என்ன என்பதைச் சில சமயம் சுற்றி வளைத்துக் கொடுப்பார்கள். 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை 2 செ.மீ. துண்டுகளாக்கினால் n = 5, இது எளிது. "ஒவ்வொரு திசையிலும் 4 வெட்டு" என்றாலும் n = 5தான், 4 இல்லை, ஏனென்றால் நாலு வெட்டு ஐந்து துண்டாக்கும். "குறைந்தது ஒரு முகத்தில் பெயிண்ட்" என்றால் 36 + 54 + 8 என்று கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், பெயிண்டே இல்லாத 27-ஐ 125-இலிருந்து கழித்தால் 98. "ஒரு முகத்தில் மட்டும்" என்பதையும் "குறைந்தது ஒரு முகத்தில்" என்பதையும் அவசரத்தில் ஒன்றாகப் படித்துவிட்டால் 54-க்கும் 98-க்கும் இடையே உள்ள வித்தியாசம் போய்விடும், இரண்டு எண்களும் விடைப் பட்டியலில் இருக்கும் என்றே எதிர்பாருங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். அதே 5×5×5 கனசதுரம் தரையில் இருக்கும்போதே பெயிண்ட் அடித்தார்கள், அடிப்பக்கத்தில் பெயிண்ட் இல்லை. மாறுவது உயரத் திசை மட்டும். அங்கே முன்பு 1, 5 இரண்டும் ஓரமாக இருந்தன, இப்போது உச்சித் தட்டு மட்டும்தான் ஓரம், அடித்தட்டு கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருந்தாலும் பெயிண்டைப் பொறுத்தவரை அதுவும் நடுதான். ஆக நீளத்தில் ஓரம் 2, நடு 3. அகலத்திலும் அப்படியே. உயரத்தில் ஓரம் 1, நடு 4. இந்த ஆறு எண்களையும் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் படமே தேவையில்லை.

மூன்று முகம்: 2×2×1 = 4. மேல்முனைகள் நான்கு மட்டும், சரிதானே. இரண்டு முகம்: நடு உயரத்தில் வந்தால் 2×2×4 = 16, அகலத்தில் வந்தால் 2×3×1 = 6, நீளத்தில் வந்தால் இன்னொரு 6, ஆக 28. அந்த 16-ஐக் கொஞ்சம் பாருங்கள், நான்கு செங்குத்து விளிம்புகளில் ஒவ்வொன்றிலும் நான்கு துண்டுகள், அதில் அடிமுனையும் சேர்ந்திருக்கிறது, முன்பு மூன்று முகம் பெயிண்ட் பெற்ற அடிமுனைத் துண்டு இப்போது இரண்டோடு நிற்கிறது. படத்தில் எண்ணுபவர்கள் விட்டுவிடுவது இந்த நாலு துண்டுகளைத்தான். ஒரு முகம்: ஓரம் உயரத்தில் என்றால் 3×3×1 = 9, நீளத்தில் என்றால் 2×3×4 = 24, அகலத்தில் 24, ஆக 57. பெயிண்ட் இல்லாதவை 3×3×4 = 36. கூட்டினால் 4 + 28 + 57 + 36 = 125. பெயிண்ட் சோதனை: 12 + 56 + 57 = 125 சிறு முகங்கள், ஐந்து முகங்களுக்கு 25 வீதம் 125. இரண்டும் 125 ஆனது தற்செயல், முதலாவது துண்டுகள், இரண்டாவது சிறு முகங்கள்.

இரண்டு முகங்களில் பெயிண்ட் இல்லை என்றால் உடனே ஒன்று கேட்க வேண்டும்: எதிரெதிர் முகங்களா, அடுத்தடுத்தவையா? எதிரெதிர் என்றால், மேலும் கீழும் என்று வையுங்கள், உயரத் திசையில் ஓரமே இல்லை, ஐந்தும் நடு. மூன்று முகம் பெயிண்ட் உள்ள துண்டு ஒன்றுகூட வராது, பெயிண்டே இல்லாதவை 3×3×5 = 45. அடுத்தடுத்தவை, கீழும் முன்னும் என்றால் இரண்டு திசைகளில் ஓரம் 1, நடு 4. மூன்று முகம் 2×1×1 = 2, பெயிண்ட் இல்லாதவை 3×4×4 = 48. இரண்டிலும் அடித்த பெயிண்டின் அளவு ஒன்றுதான், நாலு முகம், ஆனால் விடை வேறு. கேள்வியில் "அடுத்தடுத்த" என்ற சொல் சும்மா வரவில்லை.

நிறங்கள் வேறு வேறாக இருந்தாலும் இதே வழிதான். 5×5×5-இல் இடம் வலம் சிவப்பு, முன் பின் நீலம், மேல் கீழ் பச்சை என்று எதிரெதிராக அடித்திருந்தால், சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள துண்டு என்பது இரண்டு திசையில் ஓரம், உயரத்தில் நடு, அதாவது 2×2×3 = 12. "சிவப்பும் நீலமும் உள்ளவை" என்று "மட்டும்" இல்லாமல் கேட்டால் உயரத்தில் எது வந்தாலும் சரி, 2×2×5 = 20.

கனசெவ்வகத்துக்கும் வேறு சூத்திரம் தேட வேண்டாம். 3×4×5 துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு திசையிலும் ஓரம் 2, நடு முறையே 1, 2, 3. மூன்று முகம் 8. இரண்டு முகம், 2×2-ஐ ஒவ்வொரு நடுவோடும் பெருக்கினால் 4 + 8 + 12 = 24. ஒரு முகம், இரண்டை நடுக்களின் ஜோடிகளோடு பெருக்கினால் 2×(1×2 + 2×3 + 1×3) = 22. எதுவும் இல்லாதவை 1×2×3 = 6. மொத்தம் 60. கனசதுரத்தில் "மூன்று வாய்ப்பு" என்று சுருக்கமாக மூன்றால் பெருக்கினோம், இங்கே மூன்றும் வெவ்வேறு என்பதால் தனித்தனியாகக் கூட்டுகிறோம், அவ்வளவுதான் மாற்றம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள், ஏனென்றால் அங்கே நான் மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் உங்களைக் கைவிடும். ஒரு திசையில் ஒரே துண்டு, அதாவது பலகை மாதிரி 1×4×5. இதுவரை ஒரு திசையில் ஒரு துண்டுக்கு அதிகபட்சம் ஒரு முகத்தில்தான் பெயிண்ட் படும் என்று எடுத்துக்கொண்டோம், முதல் இடமும் கடைசி இடமும் வேறு வேறு என்பதால். இங்கே அவை ஒன்றேதான், அந்தத் துண்டுக்கு மேலேயும் பெயிண்ட், கீழேயும் பெயிண்ட். எல்லாத் துண்டும் தொடங்கும்போதே இரண்டு முகங்களோடு தொடங்குகிறது. மீதி இரண்டு திசைகளில் நடு 2, 3. இரண்டிலும் ஓரம் என்றால் நான்கு முகம், 2×2 = 4 துண்டுகள். ஒன்றில் ஓரம் என்றால் மூன்று முகம், 2×3 + 2×2 = 10. இரண்டிலும் நடு என்றால் இரண்டு முகம், 2×3 = 6. மொத்தம் 20, சிறு முகங்கள் 16 + 30 + 12 = 58, பலகையின் பரப்பும் 2×(4 + 20 + 5) = 58.

இதே கணக்கில் யோசிக்காமல் கனசெவ்வகச் சூத்திரத்தைப் போட்டால் நடு 1−2 = −1 ஆகும். மூன்று முகம் 8, இரண்டு முகம் 4×(−1 + 2 + 3) = 16, ஒரு முகம் 2×(−2 + 6 − 3) = 2, பெயிண்ட் இல்லாதவை −6. கூட்டுங்கள்: 8 + 16 + 2 − 6 = 20. சிறு முகங்கள்: 24 + 32 + 2 = 58. இரண்டு சோதனையும் பாஸ், நாலு விடையும் தப்பு! இயற்கணிதம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அந்த எண்களுக்குத்தான் துண்டுகளோடு உறவு அறுந்துவிட்டது. கடைசியில் வரும் அந்த மைனஸ்தான் ஒரே தடயம், ஆனால் கேள்வியில் "இரண்டு முகங்களில் பெயிண்ட் உள்ளவை எத்தனை" என்று மட்டும் கேட்டிருந்தால் அதைப் பார்க்கவே மாட்டீர்கள், 16 என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள், சரியான விடை 6. அதனால் எந்த அளவிலாவது 1 என்று கண்ணில் பட்டால் சூத்திரத்தைத் தொடாமல், ஒரு துண்டை எடுத்து அதன் மேலும் கீழும் பாருங்கள். அளவு 2 என்றால் பயமில்லை, நடு 0 ஆகும், அந்தத் திசையில் நடு கேட்கிற எல்லாப் பெருக்கலும் தானாகவே பூஜ்ஜியமாகிவிடும். 2×2×2-இல் எட்டும் முனைகள்தான் என்பதைச் சூத்திரமும் அப்படியே சொல்லும்.